மூச்சடைப்புக்கு ஒரு வீடியோ, தீக்காயத்துக்கு இன்னொன்று: முதலுதவி ஸ்கிரிப்ட் எழுதிய அனுபவம்

முதலுதவிப் பயிற்சி அளிப்பது என் தொழில். சில காலம் முன்பு ஒரு வீடியோவுக்கு வசனம் எழுதித் தரும்படி கேட்டார்கள். தொண்டையில் ஏதாவது சிக்கி மூச்சு அடைத்தால் என்ன செய்வது, சிறிய தீக்காயம் பட்டால் என்ன செய்வது, இரண்டும் ஒரே வீடியோவில் ஐந்து நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றார்கள். நிதானமான பின்னணிக் குரல், தெளிவான செய்முறை, அவ்வளவுதான் தேவை என்றும் சொன்னார்கள்.

எழுத உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, இவை ஒரே வீடியோவில் அடங்காது. காரணம் நீளமல்ல. பார்ப்பவர் எப்போது பார்க்கிறார் என்பதுதான் காரணம். எதிரில் ஒருவர் மூச்சுவிட முடியாமல் நிற்கும்போது யாரும் தொலைபேசியை எடுத்து வீடியோ தேட மாட்டார்கள், தேடவும் கூடாது. ஆக்சிஜன் கிடைக்காத மூளை சுமார் நான்கு நிமிடத்திலேயே பாதிப்படையத் தொடங்குகிறது. எனவே மூச்சடைப்பு வீடியோ முன்கூட்டியே பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வதற்கானது. தீக்காயம் அப்படியல்ல. காயம் பட்டவர் ஒரு கையைக் குழாயடியில் நீட்டியபடி மறுகையால் வீடியோவைத் தேடிப் பார்க்கலாம். பார்க்கத்தான் செய்கிறார்கள். முதலாவது நினைவில் நிற்க வேண்டும், இரண்டாவது கூடவே இருக்க வேண்டும். குரலின் வேகம், காட்சியின் நீளம், எதைச் சொல்வது, எதை விடுவது எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வந்தன. கேட்டவர்களும் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு வீடியோக்களாகப் பிரித்தோம்.

முதலில் மூச்சடைப்பு. ஒத்திகையில் நடித்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பலமாக இருமினார், கர்ரென்று ஒலி எழுப்பினார், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பார்க்க உணர்ச்சிகரமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒலி எழுப்ப முடிகிற மனிதருக்குக் காற்று போய் வந்துகொண்டிருக்கிறது. பலமாக இருமுபவரை முதுகில் தட்டத் தேவையில்லை, வயிற்றை அழுத்தவும் தேவையில்லை. அருகிலேயே நின்று தொடர்ந்து இருமச் சொன்னால் போதும். அடைப்பை வெளியேற்ற இருமலைவிடச் சிறந்த கருவி உடலில் இல்லை. காற்றுப் பாதை முழுவதும் அடைபட்டவரோ பேச மாட்டார், இருமினாலும் சத்தம் வராது. வாய் திறந்திருக்கும், கண்கள் விரிந்திருக்கும், கைகள் கழுத்துக்குப் போகும், சற்று நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும். சுற்றியிருப்பவர்கள் கவனிக்காமலேயே இது நடந்துவிடலாம். சிலர் சங்கடப்பட்டு எழுந்து தனியாக வேறு அறைக்குப் போய்விடுவதும் உண்டு. அதுதான் மிகவும் ஆபத்து.

எனவே ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் ஒலிப்பதிவுக்கென்று ஒரு குறிப்பு எழுதினேன்: நடிப்பவரிடமிருந்து எந்த ஒலியும் வரக் கூடாது, பின்னணி இசையும் கூடாது. படத்தொகுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. ஒலி போய்விட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்றார். அதற்காக அறையின் இயல்பான ஒலியை மட்டும் விட்டுவைத்தோம்: மேசையில் ஒரு கரண்டி படும் சத்தம், அடுத்த அறையின் பேச்சு. அவற்றின் நடுவே ஒரு மனிதரிடமிருந்து மட்டும் எதுவும் கேட்கவில்லை. அடையாளம் காண்பதற்கான பாடம் அந்தச் சில விநாடிகளிலேயே இருக்கிறது.

அடுத்த பகுதியின் ஸ்கிரிப்டை அப்படியே தருகிறேன்.

காட்சி: உதவுபவர் எதிரே வந்து கண்ணைப் பார்க்கிறார்.
குரல்: கேளுங்கள், "தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டதா?" பதில் பேசினால், இருமினால், இருமவிடுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் உடனே செயல்படுங்கள். அருகில் யாராவது இருந்தால் அவசர எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

காட்சி: பக்கவாட்டிலிருந்து. உதவுபவர் பக்கத்தில் சற்றுப் பின்னால் நிற்கிறார். ஒரு கை மார்பைத் தாங்குகிறது.
குரல்: மார்பைத் தாங்குங்கள். முன்பக்கமாக நன்றாகக் குனியவையுங்கள்.

காட்சி: முதுகு, குளோசப். உள்ளங்கையின் அடிப்பகுதி இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே படுகிறது.
குரல்: தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால், பலமாகத் தட்டுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

காட்சி: பக்கவாட்டிலிருந்து. உதவுபவர் பின்னால் வந்து இரு கைகளாலும் இடுப்பைச் சுற்றுகிறார்.
குரல்: பின்னால் நில்லுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வையுங்கள். மறு கையால் அதைப் பற்றுங்கள். உள்நோக்கியும் மேல்நோக்கியும் சட்டென்று இழுங்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

குரல்: இன்னும் வெளியே வரவில்லை. மறுபடி முதுகு. ஒன்று. இரண்டு.
காட்சி: நடிப்பவர் இருமுகிறார்.

இந்த இருமல்தான் வீடியோவில் அவர் எழுப்பும் முதல் ஒலி. எண்ணிக்கை இரண்டிலேயே நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. குரல் ஐந்து வரை எண்ணுவதைக் கேட்டுப் பழகியவர்கள், பயிற்சியில் அடைப்பு வெளியே வந்த பிறகும் ஐந்தை முடிக்கப் பார்ப்பார்கள். ஐந்து என்பது அதிகபட்சம்தான். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதை ஒரு வாக்கியமாகச் சொல்வதைவிட, எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்திக் காட்டுவது நன்றாகப் பதிகிறது.

காமராவைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னதற்குக் காரணம், முதல் வடிவத்தைப் பார்த்தவர்களின் கைகள். அதை நேர் எதிரிலிருந்து படம்பிடித்திருந்தோம். பார்த்தவர்களைப் பயிற்சிப் பொம்மையின் அருகே நிறுத்திச் செய்யச் சொன்னபோது, பலரும் கைமுட்டியை விலா எலும்பின் மேல் வைத்தார்கள். சிலர் மேல்நோக்கி இழுக்காமல் வயிற்றை இறுக்கி அணைத்தபடி நின்றார்கள். எதிரிலிருந்து பார்க்கும்போது கை மார்பெலும்பின் கீழ் முனையிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதும் தெரியாது, எந்தத் திசையில் இழுக்கிறார்கள் என்பதும் தெரியாது. பக்கவாட்டில் இரண்டும் தெரியும். கைமுட்டியின் கட்டைவிரல் பக்கம் வயிற்றைத் தொட வேண்டும் என்பதை மட்டும் தனி குளோசப்பில் காட்டினோம்.

பலம் இன்னொரு சிக்கல். உயிருள்ள மனிதர் மேல் வயிற்று அழுத்தத்தைப் பலமாகச் செய்து காட்டக் கூடாது. உள்ளுறுப்புகளுக்குக் காயம் ஏற்படலாம். முதுகிலும் உண்மையான பலத்தோடு தட்ட முடியாது. ஆனால் நடிகரை மெதுவாகத் தட்டுவதைப் பார்த்தவர் மெதுவாகவே தட்டக் கற்றுக்கொள்கிறார். ஆறுதலாகத் தட்டிக்கொடுப்பது போன்ற தட்டு அடைப்பை அசைக்காது. ஆகவே, இருவர் நிற்கும் நிலையையும் கை வைக்கும் இடத்தையும் நடிகரிடம் காட்டிவிட்டு, தட்டும் கணத்தில் பயிற்சிப் பொம்மைக்கு மாறினோம். பொம்மை ஒவ்வொரு தட்டுக்கும் முன்னே அதிர்ந்தது. குரல் அங்கே ஒரு வாக்கியம் சொல்கிறது: "பொம்மை அசைவதைக் கவனியுங்கள். இவ்வளவு பலம் தேவை."

இனி வசனத்தின் அமைப்பு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வையுங்கள்" என்றால் முதலில் இடம், பிறகு கை, அதற்குப் பிறகுதான் செயல். செய்முறைக்கு இது பெரிய வசதி. இடத்தின் பெயர் காதில் விழும்போது காமரா அந்த இடத்தில் இருக்க வேண்டும், கை இன்னும் வந்திருக்கக் கூடாது. 'வையுங்கள்' என்னும்போதுதான் கை வந்து பதிய வேண்டும். கை முந்திக்கொண்டால் பார்ப்பவரின் கண் கையின் பின்னால் ஓடிவிடுகிறது, காது பின்தங்கிவிடுகிறது. அதனால் குரலை முதலில் பதிவு செய்து, படப்பிடிப்பின்போது அதை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப நடிகர்களைச் செய்யச் சொன்னோம்.

இதே அமைப்பு எதிர்மறை வாக்கியத்தில் ஆபத்தாகிறது. "வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்" என்ற வாக்கியத்தில், செய்யக் கூடாதது முழுவதும் காதில் விழுந்த பிறகே 'ஆதீர்கள்' வருகிறது. பதற்றத்தோடு கேட்பவருக்கு முதல் பாதி மட்டும் தங்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளே போய்விடும். ஆகவே அதை உடன்பாடாக மாற்றினேன்: "வாய்க்குள் பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்." தவறான செயலைக் காட்சியில் காட்டவே இல்லை. சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் தவறைக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. காலப்போக்கில் குறி மறந்துவிடும், செயல் நினைவிருக்கும்.

குரல் கொடுத்தவர் அனுபவசாலி. முதல் பதிவில் அவர் குரலில் பரிவு நிறைந்திருந்தது. கேட்க இதமாக இருந்தாலும், வாக்கியத்தின் கடைசிச் சொல் தேய்ந்து கரைந்தது. கட்டளை இருப்பதோ அந்தச் சொல்லில்தான். "கடைசிச் சொல்லைத் தாழ்த்தாமல், அழுத்தாமல், முழுதாகச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். "பயப்படாதீர்கள்", "பதறாதீர்கள்" போன்ற வாக்கியங்களை நீக்கினோம். அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தாலே பதற்றம் குறைகிறது. ஒரு வாக்கியத்தில் ஒரே செயல் என்பதும், எண்ணும்போது வேகம் ஏறக் கூடாது என்பதும் மற்ற இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு தட்டும் தனித்தனி முயற்சி. எண்ணிக்கை வேகமெடுத்தால் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து வலுவிழந்துவிடும்.

மூச்சடைத்தவர் நினைவிழந்தால் என்ன செய்வது என்பதை வீடியோவின் இறுதியில் சுருக்கமாக வைத்தோம். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, அவசர எண்ணை அழைத்துத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, மார்பின் நடுவே 30 அழுத்தங்களோடு சிபிஆர் என்னும் உயிர்மீட்பு முறையைத் தொடங்க வேண்டும். செயற்கைச் சுவாசம் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், கைகள் சுற்றி எட்டாத அளவு உடல் பருத்தவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக மார்பின் நடுவே அழுத்த வேண்டும். வயிற்று அழுத்தம் செய்யப்பட்ட எவரும், அடைப்பு நீங்கி நன்றாக இருந்தாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வயிற்று அழுத்தமே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டுவதும், திருப்பி மார்பை அழுத்துவதும் வேறு செய்முறை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் அதைத் தனி வீடியோவுக்கு ஒதுக்கினோம். "ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்ற எழுத்து தொடக்கம் முதல் இறுதிவரை திரையின் மூலையில் இருக்கிறது.

தீக்காய வீடியோவில் சிக்கல் நேர் எதிரானது. சிறிய தீக்காயத்துக்கு முக்கியமான முதலுதவி, குளிர்ந்த குழாய்நீரைக் காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடவிடுவது. வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. தோலின் மேற்பரப்பு சூடு தணிந்த பிறகும் உள்ளடுக்கில் வெப்பம் தங்கியிருந்து சேதத்தைத் தொடர்கிறது. நீர் அந்த வெப்பத்தை இழுத்து வெளியேற்றுகிறது, வலியும் குறைகிறது. ஆனால் மூன்று நிமிட வீடியோவில் 20 நிமிடத்தை எப்படிக் காட்டுவது? வழக்கமாக ஐந்து விநாடி தண்ணீர் ஓடும், '20 நிமிடம்' என்று எழுத்து வரும், அடுத்த காட்சியில் கட்டுப் போடுவார்கள். அதைப் பார்த்தவர்களிடம் கேட்டால் 20 என்ற எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள். குழாயடியில் நிறுத்தினால் வலி சற்றுக் குறைந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். எண்ணைக் காது கேட்டது, ஐந்து விநாடியைக் கண் கற்றுக்கொண்டது.

ஆகவே குழாயை மூடும் காட்சியையே எடுக்கவில்லை. முதல் வரியிலேயே குழாய் திறக்கிறது, கடைசி விநாடி வரை திரையின் ஒரு பாதியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்றவை எல்லாம் மறுபாதியில் நடக்கின்றன. நீரின் ஒலியும் குரலுக்கு அடியில் தொடர்ந்து கேட்கிறது.

குரல்: சூடான பொருளிலிருந்து விலகுங்கள். குழாயைத் திறந்து காயத்தை நீரில் காட்டுங்கள். இப்போதே. மீதியை நீரில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.
காட்சி: முன்கை. சிவந்த இடத்துக்குச் சற்று மேலே நீர் விழுந்து அதன் மேல் வழிந்து ஓடுகிறது.
குரல்: நேரத்தைப் பாருங்கள். 20 நிமிடம் இங்கேயே இருக்கப்போகிறீர்கள்.
காட்சி: மறுபாதியில் மணிக்கட்டு. கைக்கடிகாரம் கழற்றப்படுகிறது, பிறகு மோதிரம்.
குரல்: வீங்கும் முன் மோதிரம், வளையல், கடிகாரம் அனைத்தையும் கழற்றுங்கள்.
குரல்: இந்த வீடியோ முடிந்த பிறகும் நீர் ஓடட்டும்.

காயம் முன்கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். இயக்குநர் விரல்களில் காட்ட விரும்பினார். அது பலருக்கும் நேர்வது, திரையிலும் எடுப்பாக இருக்கும் என்றார். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கை, பாதம், முகம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஏற்படும் தீக்காயத்தை, சிறிதாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வீடியோவில் அப்படிப்பட்ட காயத்தை மாதிரியாகக் காட்ட முடியாது. ஒப்பனைக் கலைஞர் நீரில் கரையாத வண்ணத்தால் கொப்புளமில்லாத, வெளிறாத சிவப்பை வரைந்தார். அதன் அளவு நடிப்பவரின் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தது. விரல்களோடு சேர்ந்த ஒருவரின் உள்ளங்கைப் பரப்பு ஏறத்தாழ அவர் உடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய காயம் இந்த வீடியோவின் வரம்புக்குள் வராது.

கொதிநீர் பட்ட சட்டைக் கையையும் சேர்த்தோம். நனைந்த துணி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் உடனே கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டு அதன் மேல் நீரை ஓடவிட வேண்டும். ஐஸ், பற்பசை, எண்ணெய், வெண்ணெய் ஆகியவற்றில் எதையும் திரையில் காட்டவில்லை. "தண்ணீர் மட்டும்" என்ற இரு சொற்களைக் குரல் மூன்று இடங்களில் சொல்கிறது. ஐஸ் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே சேதமடைந்த தோலை மேலும் சேதப்படுத்துகிறது. மற்றவை காயத்தின் மேல் படிந்துவிடுகின்றன. விளக்கத்தைப் பயிற்சி வகுப்பில் சொல்லலாம். கையை நீரில் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. தாமதமாகிவிட்டது என்று நினைப்பவருக்கு ஒரு வரி மட்டும் உண்டு: மூன்று மணி நேரத்துக்குள் என்றால் இப்போதும் 20 நிமிடம் நீர் பயன் தரும். சிறு குழந்தைக்குச் செய்யும்போது காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடலைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைக்க வேண்டும்.

நீருக்குப் பிறகு செய்ய வேண்டியதையும் நீர் ஓடும்போதே காட்டிவிட்டோம். உணவை மூடப் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளின் முதல் சுற்றை எறிந்துவிட்டு, அடுத்த துண்டைக் காயத்தின் மேல் நீளவாக்கில் பரப்ப வேண்டும். கையைச் சுற்றிக் கட்டினால் வீக்கம் வரும்போது இறுக்கும். தாள் இல்லையென்றால் நூல் பிரியாத சுத்தமான துணி போதும். கொப்புளம் வந்தால் அதை உடையாமல் காக்க வேண்டும். தோல் வெளிறியோ கருகியோ இருந்தால், மின்சாரமோ ரசாயனமோ காரணமென்றால், காயம்பட்டவர் குழந்தையோ முதியவரோ என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழமான காயம் வலிக்காமலும் இருக்கலாம் என்பதைக் குரல் இங்கே தனி வாக்கியமாகச் சொல்கிறது. வலியில்லை என்பதால் நிம்மதியடைந்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு.

சரிபார்த்த மருத்துவர் இரண்டு இடங்களில் நிறுத்தினார். நீருக்குச் சில அமைப்புகள் குறைந்தது 10 நிமிடம் என்கின்றன, நாங்கள் ஏன் 20 என்கிறோம் என்பது முதலாவது. இரண்டும் வழக்கில் உண்டு. ஒரே எண்ணைத்தான் சொல்ல முடியும் என்பதால் நீண்டதை எடுத்தோம். மற்றது முதுகில் தட்டுவது. ஹென்றி ஹைம்லிக் 1974இல் வயிற்று அழுத்தத்தை விவரித்த பிறகு, அமெரிக்க இதயச் சங்கம் நெடுங்காலம் பெரியவர்களுக்கு அதை மட்டுமே கற்பித்தது. ஐரோப்பிய வழிகாட்டிகள் முதுகுத் தட்டில் தொடங்கின. 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டியும் ஐந்து முதுகுத் தட்டு, ஐந்து வயிற்று அழுத்தம் என்ற வரிசைக்கு வந்துவிட்டது. பழைய பயிற்சி பெற்றவர்கள் எங்கள் வீடியோவைப் பார்த்துத் தவறு என்று சொல்லக்கூடும். அவர்களுக்கு இந்தப் பதிலைக் குறித்துவைத்திருக்கிறோம்.

இப்படி வழிகாட்டிகள் மாறுவதால் குரலை ஒரே நீளமாகப் பதிவு செய்யாமல், ஒவ்வொரு செயலுக்கும் தனிக் கோப்பாக வைத்திருக்கிறோம். அவசர எண் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் குரல் 'அவசர எண்' என்று மட்டும் சொல்கிறது. அந்தந்த இடத்து எண் திரையில் எழுத்தாக வருகிறது. எண்ணோ, நிமிடமோ, வரிசையோ மாறினால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பதிவு செய்து மாற்றிவிடலாம். ஸ்கிரிப்டின் மேல் மூலையில் மருத்துவர் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கிறது. அதே தேதியை வீடியோவின் இறுதித் திரையிலும் போட்டிருக்கிறோம்.